முழுத் தொகையும் வந்து சேர வேண்டும்

“மேடம், பணம் குறைவா வந்திருக்கு. செடி ஏறாது.”

ஓசூரிலிருந்து வந்த குரல் செய்தி அவ்வளவுதான். பூச்செடி வளர்க்கப் போட்ட பிளாஸ்டிக் வீட்டின் நடுவில், தேங்காய் நார்த்தூள் அப்பிய கையோடு நின்றுகொண்டு அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். வணக்கம் இல்லை, நலமா என்ற ஒரு வார்த்தை இல்லை. கடையில் சீனி வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் நழுவியவளைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு குரல். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். பிறத்தியார் காசில் கை வைத்தவர்கள் என்று மட்டும் இந்த மலையில் ஒருவரும் சொன்னதில்லை.

கையைத் துடைக்காமலே போனை எடுத்துப் பதில் பேசினேன்.

“இங்க பாருங்க, நீங்க கேட்ட காச ஒரு சென் குறைக்காம அனுப்பியாச்சு. பேங்க் ரசீது என்கிட்ட இருக்கு. உங்க பக்கம் யாரு எடுத்தாங்கன்னு பாத்துட்டு அப்புறம் என்கிட்ட பேசுங்க லா.”

பேசிவிட்டுத் திரும்பினால் எதிரே வரிசை வரிசையாகச் சட்டிகள். நார்த்தூள் நிரப்பி, சொட்டுநீர்க் குழாய் மாட்டி, செடிக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஒன்றிலும் ஒரு பச்சை இலை கிடையாது. அந்த வெறும் சட்டிகளைப் பார்த்தபோதுதான் கோபத்துக்கு அடியில் பயம் இருப்பது தெரிந்தது.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். இன்றைக்கும் குடியிருப்பது லயத்து வீட்டில்தான். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை; இலை வாட்டும் பகுதியில் நிற்கிறார். தோட்டத்து எல்லை முடிந்து ரிங்லெட் ஊர்ப் பக்கம் இறங்குகிற சரிவில், நானும் அண்ணனும் பாதிப் பாதி பணம் போட்டு ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் வீடு போட்டிருந்தோம். என் பாதி, தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக இருந்து சேர்த்தது. அந்த வேலையை விட்டபோது பெரிய கிராணி, “நிழல்ல உக்காந்து எழுதுற வேலைய விட்டுட்டு மண்ணு கிளறப் போறியா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

நடப்போவது ஜெர்பரா. பெரிய பூ, நீளக் காம்பு, கல்யாண மேடைக்கும் கடைத் திறப்பு விழாவுக்கும் கோலாலம்பூரில் கேட்கிறார்கள். நல்ல ரகச் செடிகள் திசு வளர்ப்பில் வருபவை. ஓசூரில் ஒரு நாற்றுப் பண்ணை அதைச் செய்து விமானத்தில் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டு ஆர்டர் கொடுத்திருந்தோம். விலை மூவாயிரத்து எண்ணூறு அமெரிக்க டாலர். பணம் முன்னால், செடி பின்னால். இறக்குமதி பெர்மிட்டுக்கு ஒரு கெடு தேதி உண்டு, அது நெருங்கிக்கொண்டிருந்தது. தேதி தாண்டினால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. அதற்குள் எங்கள் செடியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். குத்தகைக்காரர் வெறும் சட்டிக்கு வாடகை குறைக்கமாட்டார்.

ஓசூர்ப் பெண் என் கோபத்துக்குக் கோபப்படவில்லை. ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் வங்கி கொடுத்த வரவுச் சீட்டு. அதில் மூவாயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து டாலர் என்று இருந்தது. கூடவே எங்களுக்கு முன்பே அனுப்பியிருந்த பில்லின் கடைசி வரியை வட்டம் போட்டு இன்னொரு படம். பில் தொகை முழுதும் எங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும், இந்தியாவுக்கு வெளியே ஆகும் வங்கிக் கட்டணங்கள் எல்லாம் வாங்குபவரைச் சேர்ந்தவை என்று அந்த வரி சொன்னது.

முப்பத்தைந்து டாலர் எங்கேயோ போயிருக்கிறது. டாலராகப் போய் டாலராக வந்த பணம். மாற்று விகிதத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. அவள் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். வங்கிக்குப் போய்ப் பணம் அனுப்பியது அண்ணன். நேரே அவரிடம் போனேன்.

அண்ணன் தன் லோரியின் முன்னால் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சரிவில் இருக்கும் நாலைந்து பூக்காரர்களின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போய்வருவது அவர் தொழில்.

“அண்ணே, பேங்க்ல பணம் அனுப்புற போரம் எழுதினப்ப சார்ஜு யாருதுன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. மூணு பெட்டி இருந்துச்சு. நடுவுல உள்ளதுல டிக் போட்டேன்.”

“நடுவுல என்ன எழுதியிருந்துச்சு?”

“ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறதுன்னு. லோரிக் கூலி மாதிரிதான. பாதி நம்மது, பாதி அவங்களுது. அதுல என்ன தப்பு?”

அவரைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் வாயில் பாதி என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டார். தேயிலை வேலை முடிந்து வந்து அதில் குனிவார். காய் லோரியில் கீழே போகும். சில நாள் கழித்து ஒரு சீட்டு மேலே வரும். சீட்டின் தலையில் ஒரு தொகை நன்றாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே லோரிக் கூலி, கமிஷன், கூடை, அழுகல் என்று வரிசையாகக் கழிப்பார்கள். ஏற்றும்போது அழுகாத காய் இறங்கும்போது எப்படி அழுகியது என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. மிச்சம் என்று அடியில் எழுதியிருப்பதை வாங்கிக்கொள்வார். கேளுங்களேன் என்று அம்மா சொன்னால், “கேட்டா அடுத்த தடவ ஏத்தமாட்டான்” என்பார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கழித்தல் கணக்கு பிடிக்காமல் போனது. அந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.

அண்ணன் வளர்ந்து லோரி ஓட்ட ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம், கூலியில் பாதியைக் கீழே வாங்குகிறவன் தர வேண்டும் என்று மல்லுக்கு நின்றதுதான். கம்போங் ராஜா ஊரிலிருந்து இங்கே வரைக்கும் ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொண்டு, பாதி தராவிட்டால் இறக்கமாட்டோம் என்று கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்தச் சரிவில் லோரிக் கூலி பாதிப் பாதி. அதனால் அண்ணனுக்குப் பாதி என்றால் நியாயம். அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவையில்லை. வங்கிப் படிவத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மனம் குளிர்ந்து டிக் போட்டிருக்கிறார்.

“வாங்க, பேங்க்குக்குப் போவோம்” என்றேன்.

தானா ராத்தா டவுன் வங்கியில் வெளிநாட்டுப் பணத்தைப் பார்க்கிற மலாய்ப் பெண், என்னைக் காக், அதாவது அக்கா, என்று மரியாதையாக அழைக்கிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும், பணம் போனபோது வங்கி அனுப்பிய செய்தியின் நகலை எடுத்து மேசைமேல் வைத்து மலாயில் விளக்கினார். எங்கள் வங்கி அனுப்பும் கட்டணத்தை எங்கள் கணக்கிலிருந்து தனியாக எடுத்துவிட்டது. மூவாயிரத்து எண்ணூறும் முழுசாகத்தான் இங்கிருந்து கிளம்பியது. ஆனால் டாலர் என்பதால் பணம் நேரே ஓசூருக்குப் போகாது. நடுவில் ஓர் அமெரிக்க வங்கி வாங்கி அடுத்த வங்கிக்குக் கை மாற்றுகிறது. நடு வங்கி தன் கூலியை யாரிடம் கேட்கும்? படிவத்தில் பங்கு என்று இருந்தால் போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

“அப்ப பாதி இல்லையா?” என்றார் அண்ணன்.

“பாதி என்று யார் சொன்னது? உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு. அதற்கு அப்புறம் வழியில் ஆகிறதெல்லாம் வாங்குகிறவருக்கு. அதைத்தான் பங்கு என்கிறோம்.”

“மத்த ரெண்டு பெட்டி?” என்று நான் கேட்டேன்.

முதல் பெட்டியைப் போட்டால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது. வெளிநாட்டு வங்கியின் கூலியையும் இங்கேயே தனியாக வாங்கிக்கொள்வார்கள், அனுப்பும் தொகையைத் தொடமாட்டார்கள். மூன்றாவதைப் போட்டால் எல்லாமே வாங்குகிறவர் தலையில். எங்கள் வங்கிக் கட்டணம்கூட அந்தப் பணத்திலிருந்தே போகும். பில்லில் முழுத் தொகை என்று எழுதியிருந்தால் முதல் பெட்டியைத்தான் போட வேண்டும் என்று முடித்தார். பணம் ஓசூரில் ஏறிவிட்டதால் இனி அந்தப் பழைய டிக்கை மாற்ற வழியில்லை, குறைந்ததைத் தனியாக அனுப்ப வேண்டியதுதான்.

அண்ணன் அந்த மூன்று பெட்டிகளையும் முறைத்துப் பார்த்தார். தன்னை ஏமாற்றியது படிவம்தான் என்று முடிவுகட்டிய முகம். வெளியே வந்ததும் படபடவென்று பொரிந்தார்.

“இருக்கட்டும் தங்கச்சி. பணம் வாங்குறவ கொஞ்சம் குடுக்கட்டுமே. நாமளா எல்லாத்தையும் சொமக்கணும்?”

“பில்லுல எழுதியிருக்கு அண்ணே.”

“எழுதுவாங்க. எழுதுனா குடுத்துடணுமா?”

“வெலை பேசும்போது இத நாம பேசியிருக்கலாம். பேசல. முழுசாத் தரேன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆர்டர் போட்டோம். இப்பப் போயி வழியில ஒருத்தன் எடுத்துக்கிட்டான், எனக்குத் தெரியாதுன்னா, அது யாரு பேசுற பேச்சு? அப்பாவுக்குச் சீட்டு அனுப்புனவன் பேசுற பேச்சு.”

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு லோரிக்கு நடந்தார். நான் ஓசூருக்குப் பேசினேன். இந்த முறை செய்தி இல்லை, நேரே அழைத்தேன். தப்பு எங்கள் படிவத்தில் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது.

“பரவால்ல மேடம், நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் திரும்பக் கூப்ட்டுச் சொல்றீங்க.”

“மத்தவங்க என்ன சொல்வாங்க?”

“நாங்க அனுப்பிட்டோம், உங்க பாடுன்னு. குறைஞ்ச ஒவ்வொண்ணுக்கும் நான்தான் எங்க பேங்க்குக்கு விளக்கம் எழுதணும். பில் ஒரு தொகை, வரவு ஒரு தொகைன்னா அவங்க கணக்கை முடிக்க மாட்டாங்க. முதலாளி என்னைக் கேப்பாரு. அதான் முழுசா வந்தாதான் செடின்னு ஒரே பேச்சா வச்சுட்டாரு.”

“அம்பது டாலரா சேத்து அனுப்பிட்டா? கழிஞ்சது போக முப்பத்தஞ்சு வந்துடுமே.”

“வேணாம் மேடம். எவ்ளோ கழியும்னு யாருக்கும் தெரியாது. கூட வந்தாலும் கேள்விதான். பில்லுக்கு எவ்ளோவோ அவ்ளோ வரணும். எங்க பேங்க் எங்ககிட்ட பிடிக்கிறது எங்க செலவு, அதை நாங்க பார்த்துக்குவோம். அதுக்கு முன்னாடி வழியில எதுவும் குறையக்கூடாது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். முப்பத்தஞ்சு டாலருக்கு உண்டான செடியை எடுத்துட்டு பில்லைத் திருத்தித் தரேன். நாளைக்கே ஏத்திடலாம். நல்ல மனசோடதான் சொல்றேன்.”

அண்ணன் லோரிக் கதவில் சாய்ந்தபடி, போன் ஸ்பீக்கரில் வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிந்துவிட்டது.

“அது சரியான பேச்சு. கொஞ்சம் செடி கொறஞ்சா என்ன? சரின்னு சொல்லு தங்கச்சி.”

நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கூடையில் நாலு காய் எடுத்துப் போட்டுவிட்டு அழுகல் என்று எழுதினார்களே, அதையே இந்தத் தடவை நான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா? அவளுக்கும் முழுசு இல்லை, எனக்கும் முழுசு இல்லை. நடுவில் நின்று கை மாற்றியவனுக்கு மட்டும் முழுக் கூலி. என் உயிர் போனாலும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று தோன்றியது. போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“ஒரு செடி எடுக்கக்கூடாது. பில்லத் திருத்தாதீங்க. உங்க பணம் முழுசா வரும். எனக்குச் செடி முழுசா வரணும்.”

மறுபடியும் வங்கிக்குள் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தார், தடுக்கத்தான். முப்பத்தைந்து டாலரை முதல் பெட்டியில் டிக் போட்டு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அந்த வங்கிப் பெண் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் வங்கிக் கட்டணம், செய்தி அனுப்பும் செலவு, வெளிநாட்டு வங்கிக்கு உரியது என்று எல்லாம் சேர்ந்து, அனுப்புகிற முப்பத்தைந்து டாலருக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடம்.

“காக், இவ்வளவு சின்னத் தொகைக்கு யாரும் இப்படி அனுப்பமாட்டார்கள்.”

“நான் அனுப்புறேன்” என்றேன். “முதல் பெட்டி போட்டும் வழியில யாராச்சும் எடுத்தா?”

வழக்கமாக எடுக்கமாட்டார்கள், சில வேளை நடக்கும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். முழுத் தொகையும் சேர வேண்டும் என்று நடு வங்கிக்குத் தனிக் குறிப்போடு அனுப்புகிற வழி ஒன்று உண்டு, அதற்குக் கூலி சற்று அதிகம். அப்படியும் குறைந்தால் ரசீதோடு வாருங்கள், நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். அந்த வழியிலேயே அனுப்பச் சொன்னேன். பணம் எதற்கு என்ற இடத்தில் பழைய பில் எண்ணைப் போட்டு, மீதித் தொகை என்று எழுதச் சொன்னேன். ஓசூரில் அந்தப் பெண் இன்னொரு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. இரண்டு கையெழுத்து வேண்டும். நான் போட்டுவிட்டுப் பேனாவை அண்ணன் பக்கம் நீட்டினேன்.

“முப்பத்தஞ்சு அனுப்ப முப்பத்தஞ்சு செலவு பண்ணுற கிறுக்கு இந்த மலையில நீ ஒருத்திதான்” என்றார்.

“ஆமா, கிறுக்குதான். கையெழுத்துப் போடுங்க.”

“போடலைன்னா?”

“இங்கயேதான் உக்காந்திருப்பேன். நீங்க கடை வாசல்ல வண்டிய நிறுத்தினீங்க இல்ல? அது மாதிரி.”

வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டு முறைத்தார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து லோரியை எடுத்தார். நான் பக்கத்தில் பெருமையாகத்தான் உட்கார்ந்து வந்தேன், உள்ளே பயம் இருந்தாலும். அந்தப் பணமும் வழியில் குறைந்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் போன் மணி அடித்தால் போதும், ஓடினேன். சட்டிகளுக்கு வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று. உண்மையில் செய்ய வேறு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “செடி இல்லாத சட்டிக்கு நல்லாத்தான் தண்ணி ஊத்துற” என்றார். அவருக்கு அன்று தேநீர் கிடைக்கவில்லை.

பிறகு ஓசூரிலிருந்து படம் வந்தது. வரவுச் சீட்டில் முப்பத்தைந்து டாலர், துண்டு விழாமல், முழுசாக. அடியில் ஒரு குரல் செய்தி.

“மேடம், முழுசா வந்துடுச்சு. செடி ஏறுது.”

செடிகள் பெர்மிட் கெடுவுக்குள் வந்து இறங்கின. விமான நிலையத்தில் சோதனை முடித்து அண்ணன்தான் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டிகளை அவரே எண்ணி இறக்கினார். ஒன்றும் குறையவில்லை. அதை என்னிடம் சொல்லாமல், காற்றில் சொல்வது போல், “கணக்கு சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நட்டேன். அந்த வெறும் சட்டிகள் பச்சையானதைப் பார்த்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

மூன்று மாதம் கழித்துப் பூ வந்தது. சிவப்பும் ஆரஞ்சும். முதல் வெட்டை நானும் அண்ணனும் பெட்டியில் அடுக்கி, கோலாலம்பூரில் பேசி வைத்திருந்த மொத்தக் கடைக்கு அனுப்பினோம். அந்தக் கடைக்காரர் நம்ம ஆள், பேச்சில் தேன் ஒழுகும். விலை, கமிஷன், பாதி லோரிக் கூலி எல்லாம் முதலிலேயே போனில் பேசி முடித்தது. நான் பில் எழுதி அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். இவ்வளவு பூ, இவ்வளவு விலை, பேசியது போக இவ்வளவு வர வேண்டும்.

பணம் கணக்கில் ஏறியது. சீட்டின் படம் போனுக்கு வந்தது. அண்ணன் லோரியில் அடுத்த வெட்டின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி ஏற்றியாகிவிட்டது. நான் சீட்டை வாய்விட்டுப் படித்தேன். கமிஷன், பேசியது. பாதி லோரிக் கூலி, பேசியது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: பணம் அனுப்பிய வங்கிக் கட்டணம், இரண்டு வெள்ளி.

“என்னது?” என்றார் அண்ணன்.

“நமக்குப் பணம் அனுப்புனதுக்குப் பேங்க் சார்ஜாம். நம்ம காசுல கழிச்சிருக்காரு.”

எங்கள் ஊர்ப் பணம் இரண்டு வெள்ளிக்கு இப்போது ஒரு தோசை வராது. அண்ணன் இனி அதைத்தான் சொல்லுவார், விடு என்பார் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, அந்த வரியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“இன்னைக்கு பேங்க்கும்பான், நாளைக்குக் கூடைம்பான், அதுக்கு அப்புறம் அழுகல்னு எழுதுவான்” என்றார். “அனுப்புறவன் குடுக்கணும்லா அது. நாம குடுக்கலையா, ஓசூருக்கு?”

அந்த நாம என்ற சொல்லை நான் கவனித்தேன். கிண்டல் செய்ய நாக்கு துடித்தது. செய்யவில்லை.

அண்ணன் லோரி மேல் ஏறினார். ஏற்றி வைத்த பெட்டிகளில் எங்களுடையதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் இறக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் பூவைத் தொடவில்லை. பக்கத்துக் குத்தகைக்காரர் என்ன விஷயம் என்று வந்து கேட்டு, சீட்டைப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்துத் தன் சீட்டைத் தேடினார். அவர் சீட்டிலும் அந்த வரி இருந்தது. அவரும் தன் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

பூ வெட்டியாகிவிட்டது, இன்று போகாவிட்டால் நாளைக்கு இந்த விலை இல்லை. அது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த இரண்டு வெள்ளி வரியை அவர் தைரியமாக எழுதினார். அப்பாவுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. இருந்தும் கடைசிப் பெட்டிவரை வாங்கி இறக்கினேன்.

பெட்டிகளைப் பிளாஸ்டிக் வீட்டின் நிழலில் அடுக்கிவிட்டு, போனை எடுத்து அந்தக் கடைக்காரருக்குக் குரல் செய்தி பேசினேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

“அண்ணே, பணம் குறைவா வந்திருக்கு. பூ ஏறாது.”